‘நன்றாக இருந்தது’ என்பதற்கு அப்பால்

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி நடத்திய ஒரு பயிற்சிக் கூட்டத்தில் டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்பவர் பேசினார். மருத்துவர்களுக்குக் கல்வி புகட்டுவதில் கணிதத்தின் விளையாட்டுக் கோட்பாட்டை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது தலைப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள். ஒரு மணி நேரம் பேச்சு, அரை மணி நேரம் கேள்வி பதில். முடிந்ததும் எல்லோர் கையிலும் கருத்துப் படிவம் கொடுக்கப்பட்டது. பேச்சு சிந்தனையைத் தூண்டியது, எடுத்துக்காட்டுகள் போதுமான அளவு இருந்தன, விஷயத்தை ஒழுங்காகக் கோத்துச் சொன்னார் என்றே பெரும்பாலோர் குறித்திருந்தார்கள்.

ஃபாக்ஸ் டாக்டரே இல்லை. அவர் ஒரு நடிகர். பொது வாசகர்களுக்காக எழுதப்பட்ட ஒரு அறிவியல் கட்டுரையை அவரிடம் கொடுத்து, அதை வைத்துக்கொண்டு முன்னுக்குப்பின் முரணாக, புதுப்புதுச் சொற்களை அள்ளிவிட்டு, நடுநடுவே நகைச்சுவை கலந்து பேசும்படி பழக்கியிருந்தார்கள். ஏற்பாடு செய்த ஆய்வாளர்கள் டொனால்ட் நஃப்டுலின், ஜான் வேர், ஃப்ராங்க் டானலி மூவரும் 1973இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கல்வி உலகில் ‘டாக்டர் ஃபாக்ஸ் விளைவு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஏமாந்த பார்வையாளர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் என்ன கேட்டிருந்தார்கள் என்பதைப் பார்த்தால் வேறொன்று புரியும். பேச்சாளருக்குத் தன் விஷயத்தில் ஆர்வம் இருந்ததா, சுவையாகச் சொன்னாரா, சிந்தனையைத் தூண்டினாரா என்பவைதான் கேள்விகள். இவற்றுக்கு ‘ஆம்’ என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நடிகர் உண்மையிலேயே ஆர்வத்தோடும் சுவையாகவும்தான் பேசினார். ‘இன்று கேட்டதை வைத்து உங்கள் அடுத்த வகுப்பில் எதை மாற்றப் போகிறீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி இருந்திருந்தால், பேனாவை எடுத்த பலர் தடுமாறியிருப்பார்கள். குட்டு உடையாமல் போனதில் படிவத்துக்கும் பங்கு உண்டு.

நம்மூர்ப் பயிற்சி அரங்குகளிலும் அதே ரகப் படிவம்தான் சுற்றுகிறது. மாலைத் தேநீர் வந்துவிட்டது, ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், படிவத்தைக் கொடுத்தால்தான் சான்றிதழ். ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்தது’, ‘பயிற்சியாளர் தெளிவாகவும் சுவாரசியமாகவும் நடத்தினார்’, ‘உணவு, இருக்கை வசதி திருப்தியாக இருந்தது’ என்று வரிசையாக இருக்கும். எதிரே 1 முதல் 5 வரை எண்கள். ஒரே மூச்சில் மேலிருந்து கீழே 5, 5, 4, 5 என்று வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். மறுநாள் அலுவலகக் கோப்பில் ‘சராசரி மதிப்பீடு 4.6’ என்று ஏறிவிடும். பயிற்சி பெற்றவர் வேலைக்குத் திரும்பியபின் கற்றதைச் செய்தாரா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

இந்தத் துறையில் அளவீட்டுக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக். 1959இல் தொடங்கி அவர் எழுதிய நான்கு கட்டுரைகள் பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பிரித்தன. பயிற்சி பெற்றவருக்குப் பிடித்திருந்ததா, அவர் கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா என்பவை அந்தப் படிகள். முதல் படியை அளக்க ஒரு தாளும் பேனாவும் போதும். மேலே போகப் போகச் செலவும் உழைப்பும் கூடும். அதனால் பல நிறுவனங்கள் முதல் படியிலேயே நின்றுகொண்டு, முதல் படி நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டன.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று ஜார்ஜ் அலிகரும் சக ஆய்வாளர்களும் 1997இல் பார்த்தார்கள். அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி, பயிற்சி முடிந்ததும் சொன்ன கருத்துக்கும் பிறகு வேலையில் தெரிந்த மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள். இத்தகைய தொடர்பை -1 முதல் 1 வரையிலான எண்ணால் சொல்வது வழக்கம். 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். ‘பிடித்திருந்தது, மகிழ்ச்சியாக இருந்தது’ என்ற வகைக் கருத்துகளுக்குக் கிடைத்தது 0.07. ‘என் வேலைக்கு இது எவ்வளவு உதவும்’ என்ற வகைக் கருத்துகளுக்கு 0.18.

இரண்டாவது எண்ணும் பெரியதல்ல. ஆனாலும் அதே ஆள், அதே பேனா, அதே சில நிமிடங்கள் என்றிருக்கும்போது, கேள்வியை விருப்பத்திலிருந்து வேலைக்குத் திருப்பியதும் பதில் உண்மைக்குக் கொஞ்சமாவது நெருங்குகிறது. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனவர் அமெரிக்க ஆலோசகர் வில் தால்ஹைமர். 2016இல் அவர் எழுதிய நூல் முழுவதும் இந்தப் படிவத்தின் கேள்வி வாசகங்களைப் பற்றியதுதான். எண்களைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு விடையையும் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள் என்பது அவருடைய முக்கிய யோசனை. வட்டமிட்ட ‘4’ ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். ‘இன்னும் ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லித் தர வேண்டும்’ என்ற வாக்கியத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

மருத்துவமனைகளில் செவிலியர்களுக்குத் தரப்படும் கை சுத்தப் பயிற்சியில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். எதை எப்போது செய்ய வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தெளிவான வரையறை வைத்திருக்கிறது. ஐந்து தருணங்கள்: நோயாளியைத் தொடுவதற்கு முன், ஊசி, டிரெஸ்ஸிங் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தம் முதலிய உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை போன்ற சுற்றுப் பொருள்களைத் தொட்ட பின். ஆல்கஹால் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி ஆகும்.

இந்தப் பயிற்சியை அரை நாள் நடத்திவிட்டு, ‘கை சுத்தத்தின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொண்டேன்’ என்று கேட்டால் 5 போடாத செவிலியர் இருக்க மாட்டார். முக்கியத்துவம் அவருக்குப் பயிற்சிக்கு முன்பே தெரியும். அதைவிட மோசமானது ‘தெளிவாகவும் சுவாரசியமாகவும்’ என்ற கேள்வி. தெளிவாக இருந்து சுவாரசியம் இல்லையென்றால் எதை வட்டமிடுவது? ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்டால், வந்த விடை எதற்கானது என்று யாராலும் சொல்ல முடியாது.

பயிற்சி முடிந்த அன்றைக்கான முதல் கேள்வியை இப்படி மாற்றி எழுதலாம்.

“நாளை டூட்டியில் ட்ரிப்ஸ் ஏற்றவும் டிரெஸ்ஸிங் மாற்றவும் போகிறீர்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களை அடையாளம் கண்டு செய்வதில், இப்போதைக்கு உங்கள் நிலை என்ன? ஒன்றை மட்டும் குறியுங்கள்.

அ. எந்தெந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பதில் இன்னும் குழப்பம் இருக்கிறது.
ஆ. ஐந்து தருணங்களும் தெரியும். ஆனால் வேலை நடுவில் எது எந்தத் தருணம் என்று ஒருவர் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.
இ. நானே கண்டுபிடித்துச் செய்வேன். கை பழக இன்னும் சில நாள் ஆகும்.
ஈ. நாளையே யாரும் சொல்லாமல் செய்ய முடியும்.
உ. நானும் செய்வேன். புதிதாக வரும் ஒருவருக்குச் சொல்லித் தரவும் முடியும்.”

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கேள்வி ‘பயிற்சி எப்படி இருந்தது’ என்று பின்னால் பார்க்கவில்லை, நாளைய டூட்டியைப் பார்க்கிறது. அ முதல் இ வரை எந்த விடையும் குறிப்பவரைத் தாழ்த்தவில்லை. ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுதியிருந்தால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ‘கை பழக இன்னும் சில நாள் ஆகும்’ என்பதைக் கூச்சமில்லாமல் குறிக்கலாம். கடைசி விடை ஒரு சோதனையும்கூட. அரை நாள் பயிற்சியில் பெரும்பாலோர் உ என்று குறித்தால், ஒன்று அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள், இல்லையென்றால் படிவத்தைப் படிக்காமல் மேலான விடையைத் தேடிக் குறித்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று விசாரிக்க வேண்டும்.

அதே தாளில் இன்னொரு கேள்வி போதும்: “நாளை இதைச் செய்யவிடாமல் உங்கள் வார்டில் எது தடுக்கக்கூடும்?” இதற்கு விடைகளை அச்சடிக்காமல் இரண்டு வரி இடம் விடுவது நல்லது. பயிற்சி நடத்துபவருக்குத் தோன்றாத தடைகள் வார்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு வரிகளில் திரும்பத் திரும்ப வருபவை, ஆறு வாரம் கழித்து அனுப்பப்போகும் இரண்டாவது படிவத்துக்கு விடைப் பட்டியலாக மாறும். சாப்பாடு, ஏசி, மைக் பற்றிய ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்ளலாம். கடைசி வரிசையில் குரல் கேட்கவில்லை என்றால் அதுவும் தெரிந்திருக்க வேண்டிய செய்திதான். அதற்கு ஒரு வரி போதும்.

முதல் தாளால் சொல்ல முடிந்தது எண்ணத்தை மட்டும். செய்தாரா என்பதை அறிய அவர் வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச காலம் ஆக வேண்டும். எவ்வளவு காலம் என்பதை அந்த வேலை எத்தனை முறை வருகிறது என்பது தீர்மானிக்கும். வார்டில் கை சுத்தத்துக்கான தருணம் ஒரே ஷிப்ட்டில் பலமுறை வரும் என்பதால், பயிற்சியின் சூடு ஆறிப் பழைய வழக்கம் தலைகாட்டத் தொடங்கும் ஆறாவது வாரம் பொருத்தமாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கணக்கு முடிக்கும் பயிற்சிக்கு ஆறு வாரத்தில் படிவம் அனுப்பினால், ‘இன்னும் வாய்ப்பு வரவில்லை’ என்ற விடைதான் குவியும்.

இரண்டாவது படிவத்தில்தான் வாசகம் அதிகம் சறுக்கும். ‘பயிற்சியில் கற்றதை வேலையில் பயன்படுத்துகிறீர்களா?’ என்று கேட்பது வழக்கம். எல்லோரும் ‘ஆம்’ என்பார்கள். ‘வழக்கமாக எவ்வளவு தடவை செய்கிறீர்கள்?’ என்று கேட்டாலும் அதே கதைதான். ‘வழக்கமாக’ என்றதும் மனிதர் நினைவைத் தேடுவதில்லை, தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் படத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார். அதனால் கேள்வியை ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டிப்போட வேண்டும்.

“நீங்கள் கடைசியாக முடித்த டூட்டியை நினைத்துப் பாருங்கள். அன்று ஊசி, ட்ரிப்ஸ், டிரெஸ்ஸிங் வேலைகளைத் தொடங்குமுன் கை சுத்தம் எப்படி நடந்தது?

அ. அன்று எனக்கு அந்த வேலைகள் வரவில்லை.
ஆ. பெரும்பாலும் க்ளவுஸ் மட்டும் போட்டுக்கொண்டு தொடங்கினேன்.
இ. சில முறை கை சுத்தம் செய்தேன், சில முறை விட்டுப்போனது.
ஈ. ஒவ்வொரு முறையும் செய்தேன்.
உ. சரியாக நினைவில்லை.”

‘அந்த வேலைகள் வரவில்லை’ என்ற விடை இல்லாவிட்டால், அன்று ரெக்கார்ட் எழுதிக்கொண்டிருந்தவரும் ஏதோ ஒன்றைக் குறித்துக் கணக்கைக் கெடுப்பார். க்ளவுஸ் பற்றிய விடையும் காரணத்தோடுதான் இருக்கிறது. க்ளவுஸ் போட்டால் கை சுத்தம் தேவையில்லை என்ற எண்ணம் மருத்துவமனைகளில் பரவலான தவறு. அதைத் தனி விடையாகக் கொடுத்தால் அது எந்த வார்டில் எவ்வளவு என்பது வெளியே வந்துவிடும். ‘முன்’ என்பதும் தெரிந்தே எடுத்தது. நோயாளியைத் தொட்ட பின் கை கழுவுவதைத் தன்னைக் காத்துக்கொள்ளவாவது செய்துவிடுவார்கள். தொடுவதற்கு முந்தைய சுத்தம்தான் அதிகம் விட்டுப்போகும். கேள்வியை எளிய தருணத்தில் கேட்டால் நல்ல விடை வரும், கடினமான தருணத்தில் கேட்டால் உண்மை வரும்.

அடுத்த கேள்வி, செய்யாததைப் பற்றியது. “விட்டுப்போன ஒரு முறையை நினைத்துப் பாருங்கள். அப்போது முக்கியக் காரணம் எது?” விடைகள்: கட்டிலுக்குப் பக்கத்தில் ரப் பாட்டில் இல்லை அல்லது காலியாக இருந்தது, அவசரம், க்ளவுஸ் போட்டிருந்தேன், கையில் எரிச்சல், வறட்சி, அது கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் என்று அப்போது தோன்றவில்லை, வேறு காரணம், அன்று ஒருமுறையும் விட்டுப்போகவில்லை.

இந்தப் பட்டியலில் பயிற்சியால் தீரக்கூடியவை இரண்டுதான். தருணமே தோன்றாததும், க்ளவுஸ் பற்றிய தவறான எண்ணமும். பாட்டில் இல்லாதது ஸ்டோர் பிரச்சினை. எரிச்சல் வாங்கும் ரப்பின் தரத்தோடு சம்பந்தப்பட்டது. அவசரம் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையின் இன்னொரு பெயர். டிமதி பால்ட்வின், கெவின் ஃபோர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இலேயே இதை ஒழுங்குபடுத்திச் சொன்னார்கள்: கற்றது வேலைக்கு வந்து சேர்வதை, கற்பவரும் பயிற்சியின் அமைப்பும் மட்டுமல்ல, வேலை செய்யும் சூழலும் தீர்மானிக்கிறது. சூழலைப் பற்றிக் கேட்காத படிவம், எல்லாக் குறையையும் கற்பவர் தலையிலோ பயிற்சியாளர் தலையிலோ கட்டிவிடும். மறுபடியும் அதே அரை நாள் வகுப்புக்கு உத்தரவு போகும். பாட்டில் காலியாகவே இருக்கும்.

விடைகள் வந்த பிறகு என்ன செய்வது? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது செவிலியர்கள் பயிற்சிக்கு வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தை அச்சடிக்கும் முன்பே, முதல் கேள்விக்கு முப்பது பேராவது ஈ அல்லது உ குறித்தால்தான் பயிற்சி தேறியது என்று பொறுப்பாளர் எழுதி வைத்திருக்கிறார். வந்த விடைகளில் ஈ, உ இரண்டும் சேர்ந்து 22. இ 10, ஆ 6, அ 2. பழைய படிவமாக இருந்தால் இதே நாற்பது பேரின் சராசரி 4.6 என்று வந்து, எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். இப்போது நிலைமை வேறு. பதினாறு பேருக்குப் பழக நாள் வேண்டும், அல்லது பக்கத்தில் ஒருவர் வேண்டும். அவர்களுக்குத் தேவை இன்னொரு உரை அல்ல. வார்டிலேயே தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரோடு அரை மணி நேரம் நின்று செய்து பார்ப்பது போதும். குழப்பத்தில் இருக்கும் இருவரோடு மட்டும் தனியாக உட்கார வேண்டும்.

எல்லையை முன்கூட்டியே எழுதி வைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் விடைகளைப் பார்த்த பிறகு எல்லை போட்டால், 22 என்பதும் ‘பாதிக்கு மேல் வந்துவிட்டதே’ என்று தேறிவிடும்.

ஆறு வாரம் கழித்து 34 படிவங்கள் திரும்பி வருகின்றன. ஐந்து பேருக்கு அன்று அந்த வேலை வரவில்லை. மீதி 29 பேரில் 12 பேர் ‘ஒவ்வொரு முறையும்’, 11 பேர் ‘சில முறை விட்டுப்போனது’, 6 பேர் ‘க்ளவுஸ் மட்டும்’. விட்டுப்போன 17 பேரின் காரணங்களில் 8 பாட்டில் பற்றியவை. அவற்றில் 6 ஒரே வார்டிலிருந்து வந்தவை. க்ளவுஸ் 4, அவசரம் 3, தருணம் தோன்றாதது 2. இதைக் கையில் வைத்திருப்பவருக்கு அடுத்த வாரம் செய்ய வேண்டிய வேலை தெரிந்துவிடும். அந்த ஒரு வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் பாட்டில் மாட்டும் கம்பியும், காலியானால் மாற்றும் பொறுப்பு யாருக்கு என்ற உத்தரவும் முதலில் வேண்டும். க்ளவுஸ் பற்றிய எண்ணத்தை மாற்ற, மறுபயிற்சியில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

திரும்பி வராத ஆறு படிவங்களை மறந்துவிடக் கூடாது. ஆறு வாரம் கழித்துப் படிவம் அனுப்பாதவர்களில், சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்கள் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. ‘34 பேரில் இத்தனை’ என்று மட்டும் எழுதினால் படம் உண்மையைவிடப் பளிச்சென்று தெரியும். ‘40 பேரில் 12 பேர் ஒவ்வொரு முறையும் செய்ததாகச் சொல்கிறார்கள், 6 பேரைப் பற்றித் தெரியாது’ என்று எழுதுவது நேர்மை.

அந்த 12 பேரும் உண்மையில் ஒவ்வொரு முறையும் செய்தார்களா? இங்கேதான் படிவத்தின் எல்லை வருகிறது. கை சுத்தத்தில், ஆட்கள் தாங்களே சொல்லும் கணக்கு, நேரில் நின்று எண்ணிய கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டது. வேண்டுமென்று பொய் சொல்வதால் மட்டும் அல்ல, விட்டுப்போன தருணம் விட்டுப்போனதாகவே தோன்றாததாலும்தான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் வார்டில் சுமார் இருபது நிமிடம் நின்று, கை சுத்தம் செய்ய வேண்டிய வாய்ப்புகள் எத்தனை, செய்தது எத்தனை என்று தாளில் குறிக்கிறார். அதற்கும் ஒரு குறை இருக்கிறது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கைகள் கூடுதல் சுத்தமாகிவிடும். படிவமும் நேரடிக் கவனிப்பும் ஒன்றின் பிழையை ஒன்று காட்டிக்கொடுக்கின்றன. படிவத்தில் நல்ல விடை வந்து கவனிப்பில் குறைவாக வரும் வார்டு எதுவோ, அங்கே தருணங்களை அடையாளம் காண்பதில்தான் குறை என்று ஊகிக்கலாம். காரணம் மட்டும் கவனிப்பவரின் தாளில் இருக்காது. அவர் பாட்டிலைத் தாண்டிப் போனதைப் பார்ப்பார், கை எரிச்சலைப் பார்க்க மாட்டார். அதற்குப் படிவம்தான் வேண்டும்.

ஹெட் நர்ஸுக்கு அனுப்பும் படிவத்திலும் இதே கவனம் தேவை. ‘இவரிடம் முன்னேற்றம் தெரிகிறதா?’ என்று கேட்டால், அவருக்குப் பிடித்த சிஸ்டர் எல்லோரும் முன்னேறியிருப்பார்கள். “கடந்த வாரம் இவர் டிரெஸ்ஸிங் தொடங்குவதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?” என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ‘பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை’ என்று குறித்தால் மற்ற கேள்விகளை அவர் தாண்டிப் போகலாம். இரண்டாவது கேள்வி அவரையே பற்றியது: “இந்த ஆறு வாரத்தில் கை சுத்தம் பற்றி நீங்கள் செய்தவற்றைக் குறியுங்கள்: ரவுண்ட்ஸில் நினைவூட்டினேன், காலி பாட்டில்களை மாற்றச் சொன்னேன், இரண்டும் செய்ய முடியவில்லை.” மேற்பார்வையாளர் கண்டுகொள்ளாத பயிற்சி சீக்கிரம் தேய்ந்துவிடும். அதையும் அளக்காமல் செவிலியரை மட்டும் அளப்பது பாதிக் கணக்கு.

இவ்வளவையும் சரியாக எழுதிவிட்டு, மேலே ‘பெயர், பணி எண்’ என்று இரண்டு கட்டம் வைத்தால் எல்லாம் வீணாகும். ‘விட்டுப்போனது’ என்று பெயரோடு எழுதிக் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது. பெயரே இல்லாவிட்டாலோ, முதல் படிவத்தில் ஆ குறித்தவர் ஆறு வாரத்தில் எங்கே வந்து நிற்கிறார் என்று ஒப்பிட முடியாது. ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அம்மா பெயரின் முதல் எழுத்து, தான் பிறந்த தேதி, படித்த பள்ளியிருந்த ஊரின் முதல் எழுத்து என்று ஆளே உருவாக்கிக்கொள்ளும் குறியீடு. இரண்டு முறையும் அதே குறியீடுதான் வரும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நான்கே பேர் இருக்கும் சிறிய வார்டில் இதுவும் முழுமையாக மறைக்காது. அங்கே வார்டு வாரியாக முடிவை வெளியிடாமல், இரண்டு மூன்று வார்டுகளைச் சேர்த்துச் சொல்வதே முறை. படிவத்தில் வந்த விடையை வைத்து ஒருவரிடம் ஒருமுறை விளக்கம் கேட்டுவிட்டால், அடுத்த தடவை எல்லாத் தாளிலும் ‘ஒவ்வொரு முறையும்’ என்றுதான் வரும்.

இப்படிப் படிவம் எழுதத் தொடங்குபவர்களுக்கு ஆர்வம் மிகுந்து கேள்விகள் இருபது, முப்பது என்று பெருகிவிடும் ஆபத்து உண்டு. வெட்டுவதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், ‘இந்த விடையை இருபது பேர் குறித்தால் திங்கட்கிழமை யார் என்ன செய்வார்?’ என்று எழுதிப் பார்க்க வேண்டும். பாட்டில் பற்றிய விடைக்கு ‘ஸ்டோர் பொறுப்பாளர் கம்பி மாட்டுவார்’ என்று எழுதலாம். தருணம் தோன்றாத விடைக்கு ‘தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் வார்டில் அரை மணி நேரம் நிற்பார்’ என்று எழுதலாம். ‘ஒட்டுமொத்தமாகப் பயிற்சியை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?’ என்பதற்கு எதிரே எழுத எதுவும் கிடைக்காது, அதை அடித்துவிடலாம். கை சுத்தப் பயிற்சிக்கு இந்தச் சல்லடையில் தங்குபவை முதல் நாளில் மூன்று கேள்விகள், ஆறாவது வாரத்தில் இரண்டு, ஹெட் நர்ஸுக்கு இரண்டு. மூன்று தாள்களிலும் ஒரு பக்கத்துக்கு மேல் எதுவும் போகாது.